முப்பது எழுத்தில் கபாலி

எதையும் முப்பது எழுத்துக்குள் சொல்லிவிடுவாள் என்று ஹம்சினிக்கு ஆபீசில் ஒரு பேர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக்கடை குடோனுக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். கூகுளில் எதையாவது தேடினால் எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மூன்று விளம்பரம் வந்து நிற்குமே, அதை எழுதுவதுதான் அவர்கள் பிழைப்பு. தலைப்புக்கு முப்பது எழுத்து, அதன் கீழே வரும் விளக்கத்துக்குத் தொண்ணூறு. ஒன்று கூடினாலும் திரையில் எழுதும் பெட்டி சிவந்துபோய் வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதிலும் தமிழில் எழுதுகிறவர்கள் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தார்களோ! நமக்கு ஓர் எழுத்தாக இருக்கிற ‘கொ’ கூகுள் எந்திரத்துக்கு இரண்டு. புள்ளிக்கும் கணக்கு, கொம்புக்கும் கணக்கு, சும்மா கிடக்கிற இடைவெளிக்கும் கணக்கு.

அந்த முப்பதுக்குள் என்ன சொல்வது என்பதில்தான் வியாபாரிகளோடு தினமும் சண்டை. கரையான் மருந்து அடிக்கும் கம்பெனிக்காரர் ஒருவர், தன் நாற்பது வருடப் பாரம்பரியத்தைத் தலைப்பில் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஹம்சினி மசியவில்லை. “சார், கதவு நிலை உதிர்ந்து கொட்டுது, அவன் ராத்திரியெல்லாம் தூங்கல, போனை எடுத்துத் தேடறான். அவனுக்கு உங்க தாத்தா எதுக்கு? இன்னிக்கே வருவீங்களா, அது ஒண்ணுதான் அவனுக்கு வேணும்” என்றாள். ‘கரையானா? இன்றே வருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தாள். மனுஷன் இரண்டு மாதத்தில் இன்னொரு வண்டி வாங்கினார்.

அவள் பாடமே அதுதான். நாம் சொல்ல நினைப்பது பெரிதல்ல. தேடுகிறவன் மனசில் என்ன இருக்கிறதோ அதை அவன் வார்த்தையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். அவளுக்கே அது ஒரே ஒரு தடவை மறந்துபோனது. மறக்கக் கூடாத நேரம் பார்த்து மறந்தது.

அவளுக்கு ஒரு தம்பி, கபாலி. வயது முப்பத்திரண்டு. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். பேச்சு மட்டும் வராது, பிறந்ததிலிருந்தே. மனசு நாலைந்து வயதோடு நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாது. பசித்தால் தட்டைக் கொண்டுவந்து வைப்பான், கோபம் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பான். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எங்கே எந்த நிலையில் இருந்தாலும் திரும்பிப் பார்த்து முகம் முழுக்கச் சிரிப்பான். அப்பா போன பிறகு மயிலாப்பூர் வீட்டில் அம்மா சீதா, ஹம்சினி, கபாலி மூன்று பேர்தான். ஹம்சினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் முப்பது எழுத்துக்கும் குறைவு.

கபாலிக்கு உலகத்தில் மிகப் பிடித்தது பஸ். ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டால் சாப்பாடு கூடக் கேட்க மாட்டான். அவன் நட்சத்திரப் பிறந்தநாளன்று சீதா அவனை வடபழனி முருகன் கோவிலுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். ஊதா நிறத்தில் புதுச்சட்டை. அவன் சட்டைப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும், பேரும் போன் நம்பரும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு. அன்றைக்கு அது பழைய சட்டையில் தங்கிவிட்டது. தரிசனம் முடிந்து வெளியே வந்து, செருப்பு வைத்த இடத்தில் சீதா டோக்கனைக் கொடுத்துவிட்டு ஜோடி சரிதானா என்று குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை. அன்று முகூர்த்த நாள். தெரு நிறையக் கல்யாணக் கூட்டம். பணிமனைப் பக்கம் எத்தனையோ பஸ் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. எதில் ஏறினானோ, ஏறினானா என்பதே தெரியவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஹம்சினியும் ஆபீஸ் நடத்தும் சாய்நாத்தும் ஊரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் பேரேட்டைப் புரட்டி ‘அப்படி யாரும் வரல’ என்று சொல்லும்போது ஹம்சினிக்கு உயிர் திரும்பி வந்தது. கடைசி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாச்சு சாய். எங்கேயும் இல்ல. நல்லாத்தான் இருக்கான்” என்றாள். அந்தக் கதவை அன்றைக்கே மனசுக்குள் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

அடுத்த நாள் காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். அம்மாவை வீட்டில் தனியாக விட மனசு வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான், இதை வைத்தே தம்பியைப் பிடித்துவிடுவேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆபீசின் சொந்தக் கணக்கிலேயே விளம்பரம் போடச் சொல்லிவிட்டான் சாய்நாத். கபாலியின் படத்தோடு ஒரு பக்கம் தயார் செய்தாள். தலைப்புப் பெட்டியில் முதலில் அடித்தது, ‘கபாலியைக் காணவில்லை’.

சாய்நாத் பின்னால் நின்று பார்த்தான்.

“ஹம்சினி, இது நாம சொல்ல நினைக்கிறது” என்றான். “இதை யாரு தேடப்போறா? நம்மளத் தவிர யாருக்குக் கபாலியத் தெரியும்?”

அவளுக்குச் சுருக்கென்றது. கரையான்காரரிடம் அவள் பேசிய பேச்சு அப்படியே திரும்பி வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரோ ஒரு வியாபாரியின் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள். தேடப்போவது யார்? அவனைக் கண்டெடுத்தவர். டீக்கடைக்காரரோ, வாட்ச்மேனோ, அபார்ட்மென்ட் பெண்மணியோ. அவர் கையில் பேச்சு வராத, ஊர் பேர் சொல்லத் தெரியாத ஓர் ஆள். அவருக்கு என்ன வேண்டும்? இரக்கம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு அலைய முடியாது. யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் தேவலை. அவ்வளவுதான் அந்த மனுஷனின் தேவை.

‘பேச முடியாதவரைப் பார்த்தீர்களா’ என்று அடித்தாள். எண்ணிக்கை சரியாக முப்பதில் நின்றது. கேள்விக்குறி போட இடமில்லை. போட்டால் பெட்டி சிவந்தது. எடுத்துவிட்டாள். கேள்வி கேள்வியாகவும் தெரியாமல், செய்தி செய்தியாகவும் தெரியாமல் அந்த வரி அந்தரத்தில் நின்றது. அடுத்தது, ‘அலைச்சல் இல்லை, கூப்பிடுங்கள்’. அதற்கடுத்தது, ‘நாங்களே வந்து அழைத்துப்போவோம்’. பிறகு ‘பெயர் கபாலி’. எழுதிக் கொடுக்கும் தலைப்புகளை மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டுவது எந்திரத்தின் வழக்கம். எதைக் காட்டும், எதை விடும் என்று சொல்ல முடியாது. அதனால் பேர் இருக்கும் தலைப்பை இரண்டாம் இடத்தில் நகராதபடி பொருத்தி வைத்தாள். யாராவது அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட வேண்டும் அல்லவா?

விளக்கத்தை எழுதத்தான் நேரமானது. முப்பத்திரண்டு வருஷத்துத் தம்பியைத் தொண்ணூறு எழுத்தில் அடைப்பது லேசான காரியமா? பஸ் பிடிக்கும் என்று எழுதினாள், அழித்தாள். கை நீட்டி அடிக்க மாட்டான், பயப்படாதீர்கள் என்று எழுதினாள், நீளம் போதவில்லை. இட்லிக்குச் சர்க்கரை வேண்டும் என்று எழுதியபோது அவளுக்கே அழுகை வந்தது. கடைசியில் நின்றது இது: ‘நீல சட்டை, வலது புருவத்தில் தழும்பு. பெயர் சொன்னால் சிரிப்பார். எங்கிருந்தாலும் வருகிறோம்.’ சரியாகத் தொண்ணூறு. சட்டை உண்மையில் ஊதா. தெருவில் போகிறவருக்கு ஊதாவும் நீலம்தான் என்று விட்டுவிட்டாள்.

போன் நம்பரை விளம்பர வரிக்குள் எழுதக் கூடாது என்பது கூகுளின் சட்டம். அதற்கென்று இருக்கும் தனி இடத்தில் தன் நம்பரைக் கொடுத்தாள். இனி மிச்சமிருந்தது, எந்தெந்த வார்த்தையைத் தேடினால் இந்த விளம்பரம் வர வேண்டும் என்ற பட்டியல். ‘பேச்சுத்திறன் குறைந்த மாற்றுத்திறனாளி’ என்று ஆரம்பித்தாள்.

“தேடறவங்க அப்படித் தேட மாட்டாங்க ஹம்சினி” என்றான் சாய்நாத், மெதுவாக.

தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். ஊமை. பேச முடியாத ஆள். ஊமை ஆள் தெருவில். மென்டல் ஆள் வீட்டு வாசலில். பைத்தியம் என்ன செய்வது. லூசு யாரிடம் சொல்வது. பிச்சைக்காரன் போக மாட்டேங்கிறான். சின்ன வயசில் தெருப் பிள்ளைகள் ‘லூசு’ என்று சொன்னதற்காக ஒருவன் மூக்கை உடைத்தவள் அவள். இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும், யாராவது அழுத்தினால் இவ்வளவு என்று தானே விலை வைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சீதா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தாள்.

“யாருடி இவாளெல்லாம்?”

“நம்ம கபாலிதாம்மா.”

சீதா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் திரைப் பக்கமே திரும்பவில்லை.

விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்து அது ஓட ஆரம்பித்ததும் போன் வந்தது! நங்கநல்லூரில் இருந்து ஒருவர். ஆஞ்சநேயர் கோவில் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பேசாத ஆள் ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம். “என்ன பண்றதுன்னு தெரியாம கூகுள்ல போட்டேன்மா, மொதல்ல உங்க விளம்பரம்தான் வந்துது” என்றார். அம்மாவும் பெண்ணும் ஆட்டோவில் பறந்தார்கள். வழியெல்லாம் சீதா முருகனுக்கு என்னென்னவோ செய்வதாக வேண்டிக்கொண்டாள். வாசல்படியில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. சீதா கொண்டுபோயிருந்த இட்லியை அவருக்கே கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு காப்பகத்து ஆட்கள் வந்து அவரை அழைத்துப்போனார்கள். யார் வீட்டுக் கபாலியோ! ஆனாலும் ஹம்சினிக்கு ஒரு தெம்பு வந்தது. விளம்பரம் வேலை செய்கிறது, தேடுகிறவர் கண்ணில் படுகிறது. இனிச் சரியான ஆள் தேட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் கணக்கைத் திறந்து பார்த்தாள். மக்கள் என்னென்ன தேடியபோது விளம்பரத்தை அழுத்தினார்கள் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் வராது, நிறையப் பேர் தேடிய வார்த்தைகள் மட்டும் வரும், ஒருவர் இருவர் தேடியதை மறைத்துவிடும். வந்த பட்டியலைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘குழந்தைக்குப் பேச்சு வரவில்லை எந்த ஆஸ்பத்திரி.’ ‘மனநல மருத்துவமனை அருகில்.’ ‘பேச முடியவில்லை தொண்டை ஹாஸ்பிடல்.’ வைத்தியம் தேடுகிறவர்கள் எல்லோரும் வந்து அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு. நாளொன்றுக்கு ஒதுக்கிய தொகை மத்தியானத்துக்குள் காலி; அதற்குப் பிறகு யார் தேடினாலும் விளம்பரம் வரவில்லை. சாயங்காலம் முழுக்க, கபாலி எங்கோ யார் வாசலிலோ நின்றுகொண்டிருக்கும் நேரம் முழுக்க, கடை மூடிக் கிடந்திருக்கிறது.

இதற்கு வைத்தியம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இந்த வார்த்தை இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று விலக்கி வைக்கலாம். அந்த ஆபீசில் தினமும் செய்கிற வேலை அது. ‘ஆஸ்பத்திரி’ என்று விலக்குப் பட்டியலில் போட்டாள். அதோடு விடுகிறவளா? விலக்கிய வார்த்தையை எந்திரம் எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் எடுத்துக்கொள்ளும். ‘ஆஸ்பத்திரி’ என்று கொடுத்தால் ‘ஆஸ்பத்திரியில்’ தப்பித்துக்கொள்ளும். கற்றுக்குட்டிகள் கோட்டை விடும் இடம் அது. அவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில், ஆஸ்பத்திரில, ஆஸ்பத்திரிக்கு, ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல்ல, மருத்துவமனை, மருத்துவமனையில், பேஷன்ட், நோயாளி என்று ஒரு சந்துபொந்து பாக்கியில்லாமல் அடைத்தாள்.

சாய்நாத் எட்டிப் பார்த்து, “எல்லாமே தூக்கிட்டியா?” என்றான்.

“ஆஸ்பத்திரியெல்லாம் நாமதான் நேர்லயே பார்த்துட்டோமே. அவன் அங்க இல்ல” என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலம் வரை விளம்பரம் அழகாக ஓடியது. வீண் அழுத்தல் ஒன்றுகூட இல்லை. அத்தனை துக்கத்திலும், வேலையைச் சுத்தமாகச் செய்தோம் என்று அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு போன் வரவே இல்லை. அவள் தலைப்பை மாற்றிப் பார்த்தாள், வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சீதா அந்தப் பழைய சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் போலீசிடமிருந்து போன் வந்தது. வந்து பாருங்கள் என்றார்கள். எங்கே என்று கேட்டாள். ஆஸ்பத்திரி பேரைச் சொன்னார்கள். அவளும் சாய்நாத்தும் ஏறி இறங்கிய அதே ஆஸ்பத்திரிகளில் ஒன்று. உயிரோடு இருக்கிறானா என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை, சொல்லாததே பதிலாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு நாள் எங்கெங்கோ சுற்றியவன், நந்தனம் சிக்னல் அருகில் நகரும் பஸ்ஸில் ஏறப் போய்க் கீழே விழுந்திருக்கிறான். தலையில் அடி. ஆம்புலன்சில் கொண்டுவந்து சேர்த்தபோது நினைவு இருந்தது. பேர் கேட்டால் சொல்லத்தான் ஆளில்லை. காணாமல் போனதை எழுதிய ஸ்டேஷன் ஒன்று, விபத்தை எழுதியது வேறொன்று. கட்டுப்போட்டு வீங்கிய முகத்தைப் போட்டோவோடு ஒத்துப் பார்க்க நாளாகிவிட்டது. ஹம்சினி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி முடித்துக் கதவைச் சாத்திய பிறகுதான் அவன் அங்கே வந்து சேர்ந்திருக்கிறான். போன் வந்த அன்று காலையில் மூச்சு நின்றது.

வார்டுக்கு வெளியே அவர்களை உட்காரவைத்து, ஒரு நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் ரூபீனா. நாற்பது வயதிருக்கும். கபாலியை அந்த நாட்களில் பார்த்துக்கொண்டது அவள்தான்.

“வைத்தியத்துல ஒண்ணும் குறை வைக்கலம்மா. உள்ள ரத்தக் கசிவு ஜாஸ்தி. டாக்டருங்க முடிஞ்சதெல்லாம் பண்ணாங்க” என்றாள். “ஆனா அவருக்குக் கண்ணு தொறந்தேதான் இருந்துச்சு. கதவுல யார் வந்தாலும் பார்ப்பாரு. பார்த்துட்டு மூஞ்சத் திருப்பிக்குவாரு. யாரையோ தேடிக்கினு இருந்தாரும்மா.”

சீதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“எனக்கு மனசே கேக்கல. ட்யூட்டி முடிஞ்சு கெளம்பறப்போ, இதோ இந்த எடத்துல நின்னுக்கினு, போன்லகூட தேடிப் பார்த்தேன். யாராவது போட்டிருப்பாங்களோன்னு. ஒண்ணுமே வரல.”

ஹம்சினி நிமிர்ந்தாள். “என்னன்னு தேடினீங்க?”

ரூபீனா போனை எடுத்துத் தடவி, பழைய தேடல்களில் அதைக் கண்டுபிடித்துக் காட்டினாள். பேசித் தேடியிருக்கிறாள், பேசியது பேசியபடி விழுந்திருந்தது. ‘ஆஸ்பத்திரில பேச முடியாத பேஷன்ட் அவங்க குடும்பத்தை எப்படி கண்டுபிடிக்கிறது.’

ஹம்சினி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பட்டியலில் போட்டிருந்த ‘பேச முடியாத’ அதில் இருந்தது. அவள் எதிர்பார்த்த மனசும் அதில் இருந்தது. எந்த விளம்பரத்துக்கும் இதைவிடச் சரியான ஆள் அமைய மாட்டார். அந்த முப்பது எழுத்தையும் தொண்ணூறு எழுத்தையும் அவள் இந்த ஒருத்திக்காகத்தான் எழுதினாள். முதல் வார்த்தை ‘ஆஸ்பத்திரில’. கற்றுக்குட்டிகள் விட்டுவிடுவார்கள் என்று தானே கவனமாகச் சேர்த்த அதே உருவம். அது தப்பினாலும் ‘பேஷன்ட்’ பிடித்திருக்கும். தேடிய தேதியைப் பார்த்தாள். அவள் அந்த வார்த்தைகளை விலக்கி வைத்ததற்கு மறுநாள்.

தன் விரலே தன் கண்ணைக் குத்தியது என்பார்களே, அதுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. போனை ரூபீனாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாம் என்னாலதாண்டி” என்று சீதா ஆரம்பித்தாள். “அந்த அட்டைய எடுத்துச் சட்டைப்பையில போடறதுக்கு எனக்கு எவ்வளவு நாழியாயிருக்கும்? புதுச்சட்டை போட்டுண்டு அவன் குதிச்சிண்டு நின்னான், அதைப் பார்த்துண்டே நான் மறந்துட்டேன். ஒரு அட்டை. பெத்தவளா நான்?”

இந்த நேரத்தில் பேசாமல் இருந்துவிடலாம். அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை, சாய்நாத்தும் சொல்ல மாட்டான். ஆனால் அந்தப் பழி முழுக்க அம்மா தலையில் கிடப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“அட்டை இல்லேன்னாலும் அவன் கெடைச்சிருப்பாம்மா. இவங்க தேடியிருக்காங்க. நம்ம விளம்பரம் இவங்களுக்கு வந்திருக்கணும். நான்தான் வரவிடாமப் பண்ணிட்டேன்.”

சீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹம்சினி மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி என்று தேடினால் காட்டாதே என்று கம்ப்யூட்டரிடம் தான் சொல்லிவைத்ததை, வேறு வேறு ஆட்கள் அழுத்திக் காசு கரைந்ததை, எல்லாம் சொன்னாள்.

“அந்த வார்த்தைய ஏண்டி எடுத்தே?”

காசுக்காக என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் அம்மா கண்ணைப் பார்த்ததும் உண்மையான காரணம்தான் வாயில் வந்தது.

“அவன் ஆஸ்பத்திரில இருக்கக் கூடாதுன்னு நெனைச்சேம்மா.”

சீதா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நானும் அதைத்தாண்டி வேண்டிண்டேன். எங்க இருந்தாலும் இருக்கட்டும், ஆஸ்பத்திரில மட்டும் இருக்கப்படாதுன்னு. ரெண்டு பேருமாச் சேர்ந்து அவன இங்க தனியா விட்டுட்டோமே.”

அப்போதுதான் ஹம்சினிக்கு அழுகை வந்தது. அந்த வராந்தாவில் போவோர் வருவோர் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ரூபீனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்து வாங்க ஆள் வந்து, அழுகை அடங்கட்டும் என்று தள்ளியே நின்றார்.

உள்ளே கூட்டிப்போனார்கள். முகத்துணியை ரூபீனாதான் விலக்கினாள். வலது புருவத்துத் தழும்பு கட்டுக்கு வெளியே தெரிந்தது. சீதா அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். காலடியில் ஒரு பையில் அந்தச் சட்டை மடித்து வைத்திருந்தது, ஊதாச் சட்டை.

“இவரு பேரு இன்னாம்மா?” என்று கேட்டாள் ரூபீனா. “எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். முருகா, குமாரு, ராஜா, மணி… எங்க மச்சான் பேரக்கூடச் சொன்னேன். ஒண்ணுத்துக்கும் திரும்பல. பேரு தெரிஞ்சிருந்தா கூப்ட்டிருப்பேன்.”

“கபாலி” என்றாள் ஹம்சினி.

ரூபீனா குனிந்து, மாத்திரை கொடுக்க எழுப்புகிற குரலில், “கபாலி” என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.